சித்திரைத் தேர் நோட்டீஸ்: திருத்திய வடிவம்

செயலாளர் மாமாவுக்கும் குழுவினருக்கும்,

போன வருஷ நோட்டீஸைத் திருத்தி எழுதியிருக்கிறேன். அதில் தகவல் குறையில்லை, எல்லாமே இருந்தது. ஆனால் காரை எப்போது எடுக்க வேண்டும் என்பது ஆறாவது பத்தியில், அதுவும் இப்படி இருந்தது: "மேற்படி வைபவத்தை முன்னிட்டு வீதிகளில் நிறுத்தப்பட்டுள்ள வாகனங்களை உரிமையாளர்கள் முன்கூட்டியே அப்புறப்படுத்தி, தேர் நிலை சேரும் வரை ஒத்துழைப்பு நல்கும்படி பணிவன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது." முன்கூட்டியே என்றால் எப்போது? ஒருவர் ராத்திரி பத்து மணி என்று நினைத்தார், இன்னொருவர் விடிகாலை நான்கு என்று நினைத்தார். இரண்டு பேருமே நோட்டீஸை முழுசாகப் படித்தவர்கள்தான்.

அதனால் மணியை மேலே கொண்டுவந்துவிட்டேன். தேரின் பெருமை, நன்கொடையாளர் பெயர்கள், நன்றி எல்லாம் அழைப்பிதழில் இருக்கட்டும், இதில் வேண்டாம். "அப்புறப்படுத்துதல்", "ஒத்துழைப்பு நல்குதல்" எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். மூக்குக் கண்ணாடி இல்லாமல் கோபுர வாசலில் நின்று படிக்கிறவர்களுக்கும் புரிய வேண்டும். போலீஸும் கோயில் நிர்வாகமும் சொல்வதே கடைசி வார்த்தை என்பதை மட்டும் விடாமல் வைத்திருக்கிறேன்.

கீழே இருப்பது அப்படியே அச்சுக்குப் போகலாம்.

---

ஸ்ரீரங்கம் சித்திரைத் தேர்
மே 6, 2024, திங்கட்கிழமை
உத்திர வீதி, சித்திரை வீதிக் குடியிருப்போர் கவனத்துக்கு

காரை ஞாயிறு (மே 5) மாலை 5 மணிக்குள் வெளியே எடுத்துவிடுங்கள்.
திங்கள் மாலை 4 மணிக்கு மேல் உள்ளே கொண்டுவரலாம்.

இடைப்பட்ட நேரத்தில் சித்திரை வீதிகளில் கார், வேன், ஆட்டோ எதுவும் ஓடாது. உத்திர வீதியில் இருப்பவர்கள் எந்தப் பக்கம் போனாலும் சித்திரை வீதியைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும் என்பதால் அவர்களுக்கும் இதே நேரம்தான்.

ஏன் ஞாயிறு மாலையே? அன்று சாயங்காலம் குதிரை வாகனப் புறப்பாடு இருக்கிறது. அது முடிந்த கையோடு சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து ஜனங்கள் வந்து சேர்ந்து, சித்திரை வீதிகளிலேயே திண்ணையிலும் நடைபாதையிலும் குழந்தை குட்டிகளோடு படுத்துவிடுவார்கள். இருட்டில், தூங்குகிறவர்களுக்கு நடுவே ரிவர்ஸ் எடுப்பது ஆபத்து. "விடிகாலையில் எடுத்துக்கொள்கிறேன்" என்று யாரும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

காரை எங்கே விடுவது

மேலச் சித்திரை, மேல உத்திர வீதிக்காரர்கள்: மேலவாசல் வழியாக வெளியே போய், மேலூர் சாலையில் குழு பேசி வைத்திருக்கும் காலி மனை. மூங்கில் தடுப்பும் மஞ்சள் கொடியும் கட்டியிருக்கும்.

வடக்குச் சித்திரை, வடக்கு உத்திர வீதிக்காரர்கள்: வடக்கு வாசல் வழியாக வெளியே போய், மேற்கே திரும்பி அதே மனை.

கீழச் சித்திரை, கீழ உத்திர வீதிக்காரர்கள்: கீழவாசல் வழியாக வெளியே போய், திருவானைக்கா போகும் சாலையில் பள்ளி மைதானம்.

தெற்குச் சித்திரை, தெற்கு உத்திர வீதிக்காரர்கள்: நீங்களும் கீழவாசல் வழியாக அதே பள்ளி மைதானத்துக்குத்தான் போக வேண்டும். ராஜகோபுரம் பக்கம் வராதீர்கள். ஞாயிறு மதியத்திலிருந்தே அங்கே நடக்கிற கூட்டம் அதிகமாக இருக்கும்.

இரண்டு இடத்திலும் ராத்திரிக் காவல் உண்டு, கட்டணம் இல்லை. கண்ணாடியில் வீட்டு எண்ணையும் வீதிப் பெயரையும் எழுதி ஒட்டிவிட்டுப் போங்கள்.

ஸ்கூட்டர், பைக்கை வீட்டுக்குள் ஏற்றி வைத்துக்கொள்ளலாம். வீதியில் நிற்கக் கூடாது. வாசலை ஒட்டி, சுவரோடு சாய்த்து வைத்தாலும் வீதிதான்.

அடையவளஞ்சான் வீதிகளில் யாரும் வண்டி நிறுத்த வேண்டாம். ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் அந்த வழியாகத்தான் சுற்றி வர வேண்டும். "அஞ்சு நிமிஷம்தான்" என்று விட்டுவிட்டுப் போகிற வண்டியும் இதில் சேர்த்தி.

தேர் வரும் வரிசை

காலை 6.30 மணியளவில் கீழச் சித்திரை வீதியில் வடம் பிடிப்பார்கள். அங்கிருந்து தெற்கு, மேல, வடக்கு என்று சுற்றிவிட்டு மறுபடி கீழச் சித்திரை வீதிக்கு வந்து நிலை சேரும். நடுவில் தேர் இருக்கும் வீதி, வலது பக்கம் நீங்கள் கடக்க வேண்டிய வாசல்:

| மணி (உத்தேசம்) | தேர் இருக்கும் இடம் | கடக்க வேண்டிய வாசல் |
|---|---|---|
| 6.30 – 8.00 | கீழ வீதி மூலை, தெற்குச் சித்திரை | வடக்கு |
| 8.00 – 9.15 | மேலச் சித்திரை | கீழ |
| 9.15 – 10.30 | வடக்குச் சித்திரை | தெற்கு |
| 10.30 – நிலை சேரும் வரை | கீழச் சித்திரை | மேல |

மணி முன்பின் ஆகும், வரிசை மாறாது. முட்டுக்கட்டை போட்டு நிறுத்தி நிறுத்தி இழுப்பதால் மூலை திரும்பும்போது கால் மணி, அரை மணி கூடலாம். குழம்பினால் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: தேர் எந்த வீதியில் இருக்கிறதோ, அதற்கு நேர் எதிர் வீதியில் கடக்கலாம். தேருக்கு முன்னாலும் பின்னாலும் குறுக்கே போக வேண்டாம். வடம் தரையில் தளர்ந்து கிடந்தாலும் தாண்ட வேண்டாம். இழுப்பு தொடங்கினால் அது சட்டென்று இடுப்பு உயரத்துக்கு எழும்பும்.

ஊரிலிருந்து உறவினர் வந்தால்

காரில் வருகிறவர்களை ஞாயிறு மதியத்துக்குள் வரச் சொல்லுங்கள். திங்கள் காலை வந்தால், போலீஸ் காட்டும் இடத்தில் வண்டியை விட்டுவிட்டு நடந்துதான் வர வேண்டும். ரயிலில் வருகிறவர்கள் நிலையத்திலிருந்து ராஜகோபுரம் வரை நடந்துவிடலாம், உள்ளே வர மட்டும் மேலே உள்ள வரிசையைப் பார்த்துக்கொள்ளட்டும். திருச்சியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களிடம், வழக்கமான நிறுத்தத்துக்கு முன்னாலேயே இறக்கிவிடலாம் என்று சொல்லி வையுங்கள். அம்மா மண்டபத்தில் குளித்துவிட்டு வருகிற கூட்டமும் அதே சாலையில்தான் வரும். வயதானவர்களோடு வருகிறவர்கள் காலை 5.30 மணிக்குள் வீட்டுக்குள் வந்துவிட்டால் நிம்மதி.

பால், மருந்து, ஆஸ்பத்திரி

பால், பேப்பர் காலை 4.30 மணிக்குள் வந்துவிடும். கேஸ் சிலிண்டர், தண்ணீர் லாரி திங்களன்று வராது.

டயாலிஸிஸ், பிரசவம், ஆக்ஸிஜன் என்று யார் வீட்டில் இருந்தாலும் சனிக்கிழமைக்குள் உங்கள் வீதித் தொண்டரிடம் சொல்லிவிடுங்கள். அவர்களுடைய வண்டி மட்டும் அடையவளஞ்சான் வீதியில் ஓட்டுநரோடு நிற்கும். தள்ளு நாற்காலி நான்கு கோபுர வாசலிலும் ஒவ்வொன்று இருக்கும். திங்கள் காலை டாக்டர் அப்பாயின்ட்மென்ட் இருந்தால் வேறு நாளுக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

திடீரென்று ஏதாவது என்றால் 108. கூப்பிடும்போது வீட்டு எண்ணோடு, தேர் அப்போது எந்த வீதியில் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். எந்த வாசலுக்கு வருவது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

வாசலும் மாடியும்

ஞாயிறு மாலைக்குள் வாசலில் இருக்கும் பூந்தொட்டி, சைக்கிள், கட்டட மணல், தட்டி எல்லாம் உள்ளே போக வேண்டும். மாடியிலிருந்து வீதிப் பக்கம் கட்டிய துணிக்கொடி, தொங்கும் கேபிள், பேனர் எல்லாவற்றையும் அவிழ்த்துவிடுங்கள். கைப்பிடிச் சுவர் பழசாக இருந்தால் மாடியில் கூட்டம் சேர்க்காதீர்கள். தேர் பக்கத்தில் வந்ததும் எல்லோரும் ஒரே ஓரத்துக்குத்தான் ஓடுவார்கள். பசு, கன்று வைத்திருப்பவர்கள் திங்கள் மதியம் வரை கொட்டிலிலேயே கட்டி வையுங்கள், மேளச் சத்தத்துக்கு மிரளும்.

வெளியூர் ஜனங்கள் திண்ணையில் உட்கார்ந்தால் விரட்ட வேண்டாம். முடிந்தவர்கள் ஒரு குடம் தண்ணீர் வைக்கலாம். அக்னி நட்சத்திரம் வேறு தொடங்கிவிட்டது. நீர்மோரும் பானகமும் கொடுக்கிறவர்கள் பந்தலை வீதியில் போடாமல் வாசற்படிக்கு உள்ளே வைத்துக்கொண்டால், வாங்க வருகிற கூட்டம் தேர் வரும் பாதையில் முட்டாது. காலி டம்ளருக்கு ஒரு கூடை வையுங்கள். ஈரக் கல்லில் பிளாஸ்டிக் கிடந்தால் வடம் இழுக்கிறவர்களுக்குக் கால் வழுக்கும்.

குழந்தை காணாமல் போனால்

நின்ற இடத்திலேயே நில்லுங்கள், ஒருவர் மட்டும் பக்கத்துக் கோபுர வாசலுக்குப் போங்கள். மஞ்சள் தோள்பட்டி போட்ட தொண்டர் அங்கே இருப்பார், மற்ற மூன்று வாசலுக்கும் அவரே சொல்லிவிடுவார். குழந்தையின் சட்டைப் பையில் பெயர், போன் நம்பர் எழுதிய சீட்டை வைத்து அனுப்புங்கள். போலீஸ் 100.

போலீஸோ கோயில் நிர்வாகமோ அன்று வேறு மாதிரி சொன்னால் அதன்படியே நடக்க வேண்டும். எங்கள் தொண்டர்களும் அப்படித்தான் நடப்பார்கள்.

இப்படிக்கு, திருவிழாக் குழு

---

மாமா, இன்னும் இரண்டு விஷயம். முதல் இரண்டு வரியும் தேர் வரிசையும் மட்டும் தனியாக ஒரு பெரிய தாளில் அடித்து நான்கு வாசலிலும் ஒட்டலாம். முழு நோட்டீஸ் வீட்டுக்கு வீடு போகட்டும். வாசலில் ஒட்டுவதில் அந்தந்த வாசலின் பெயருக்கு மட்டும் சிவப்புக் கட்டம் போட்டால், நின்று தேட வேண்டியிருக்காது.

இன்னொன்று, மாலை 5 மணி என்பது சீக்கிரம் என்று சிலர் கேட்பார்கள். 8 மணி ஆக்கலாமா என்று குழுவில் பேச்சு வரும். குதிரை வாகனம் நடுவில் இருப்பதால் 8 மணி சரிப்படாது என்பது என் அபிப்பிராயம். மாற்றுவதாக இருந்தால் மேலே இருக்கும் பெரிய எழுத்து வரியையும், "வாசலும் மாடியும்" பகுதியில் "ஞாயிறு மாலைக்குள்" என்று வரும் இடத்தையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். அச்சகத்துக்கு வியாழக்கிழமை கொடுத்தால் சனிக்கிழமை காலை விநியோகிக்கலாம்.