சாம்சங் கேலக்ஸி A55 5G (8 ஜிபி / 128 ஜிபி), கருநீலம், 2026 நவம்பர் வரை வாரண்டி, ரூ. 19,500, மதுரை அண்ணா நகர்

2025 நவம்பரில் மதுரையிலுள்ள ஒரு கடையில் புதிதாக வாங்கி, நான் ஒருவர் மட்டுமே பயன்படுத்திய இந்த போனை, அலுவலகத்தில் வேறு போன் தந்துவிட்டதால் விற்கிறேன். முதல் நாளிலிருந்தே டெம்பர்டு கிளாஸும் கவரும் போட்டிருந்ததால் திரையிலும் பின்புறக் கண்ணாடியிலும் கீறல் இல்லை. ஆனால் சார்ஜர் செருகும் துளைக்கு இடப்புறம், உலோக விளிம்பில் அரிசி அளவில் ஒரு சிராய்ப்பு உள்ளது, அதை நான்காவது படத்தில் நெருக்கமாகக் காட்டியிருக்கிறேன். போன் தண்ணீரில் விழுந்ததில்லை, பழுதுபார்க்கப் பிரித்ததும் இல்லை. பேட்டரி எனக்கு ஒரு முழு நாள் தாராளமாக வருகிறது.

நிறுவனத்தின் ஓராண்டு வாரண்டி 2026 நவம்பர் வரை உள்ளது. உடைவு, நீர்ச்சேதம் ஆகியவை அதில் அடங்கா. ஜிஎஸ்டி ரசீது, பெட்டி, கேபிள் மூன்றும் தருகிறேன். இந்த மாடலுடன் சார்ஜர் வருவதில்லை.

நேரில் வந்து *#06# அழுத்தி, ஐஎம்இஐ எண்ணை ரசீதுடனும் பெட்டியுடனும் ஒப்பிட்டு, கேமரா, ஸ்பீக்கர், இரண்டு சிம்களையும் சோதித்த பிறகே பணம் தாருங்கள். என் கணக்குகளை நீக்கி, உங்கள் முன்னிலையிலேயே ரீசெட் செய்து தருவேன். விலையில் சிறிது குறைக்கலாம். எக்ஸ்சேஞ்ச், முன்பணம், கூரியர் இல்லை.