லோன் பேர் எங்கே உட்காரும்? (ப்ளஸ் ஒன், வேதிப் பிணைப்பு, மூன்றாம் தொகுப்பு ஸ்லைடுகள்)

ஸ்லைடு 1: முதலில் ஒரு விஷயம்

மக்களே, சனிக்கிழமை மழையில் குலசேகரம் பஸ்ஸும் வரவில்லை, கருங்கல் பஸ்ஸும் வரவில்லை, நாகர்கோவிலில் உட்கார்ந்து பாதி காலி பெஞ்சுகளுக்குத்தான் பாடம் எடுத்தேன். அதனால் இந்த முறை ஸ்லைடில் வெறும் தலைப்பாக எழுதாமல், வாயால் சொல்வதையும் சேர்த்தே தட்டிவிட்டேன். போனில் படித்துக்கொள்ளுங்கள். கையில் ஒரு நோட்டு, நாலைந்து குரும்பை, ஒரு பிடி ஈர்க்கு இருக்கட்டும். குரும்பை எதற்கு என்று அடுத்த ஸ்லைடில் தெரியும்.

ஸ்லைடு 2: மீத்தேன் கூட்டல் குறி இல்லை

எல்லாரும் CH₄ வரையச் சொன்னால் நடுவில் C, மேலே கீழே இடது வலது என்று நாலு H போட்டு 90° கோணத்தில் ஒரு கூட்டல் குறி வரைகிறீர்கள். தாள் தட்டையாக இருப்பதால் வந்த வினை இது. மூலக்கூறு தாளில் வாழவில்லை.

ஒரு குரும்பையை எடுத்து நாலு ஈர்க்குகளைக் குத்துங்கள், எந்த ஈர்க்கும் மற்றதிலிருந்து முடிந்த அளவு தள்ளி நிற்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. ஒரே தளத்தில் குத்தினால் 90° தான் கிடைக்கும். ஒன்றை மேல்நோக்கி நிமிர்த்தி மற்ற மூன்றையும் முக்காலி மாதிரிச் சரித்துக் குத்திப் பாருங்கள், 109.5° கிடைக்கும். இதுதான் நான்முகி. எந்த ஈர்க்கைப் பிடித்துத் தூக்கினாலும் மீதி மூன்றும் முக்காலியாகவே தெரிய வேண்டும், தெரியாவிட்டால் எங்கோ கோணல்.

ஸ்லைடு 3: யார் சொன்னது, என்ன சொன்னது

எலக்ட்ரான் ஜோடிகளின் எண்ணிக்கைக்கும் வடிவத்துக்கும் தொடர்பு உண்டு என்று 1940-இல் சிட்ஜ்விக்கும் பவலும் எழுதினார்கள். 1957-இல் கில்லெஸ்பியும் நைஹோமும் அதை விரித்து, லோன் பேருக்கும் பாண்ட் பேருக்கும் உள்ள வித்தியாசத்தைச் சேர்த்து, இன்று நாம் படிக்கும் உருவத்துக்குக் கொண்டுவந்தார்கள். பெயர் நீளம்: இணைதிறன் கூடு எலக்ட்ரான் இரட்டை விலக்கக் கொள்கை. தேர்வில் இதை முழுசாக எழுதுங்கள், வகுப்பில் நான் 'வெஸ்பர்' என்றுதான் சொல்வேன்.

கருத்து ஒரே வரி: நடு அணுவின் வெளிக்கூட்டில் உள்ள எலக்ட்ரான் ஜோடிகள் ஒன்றையொன்று தள்ளும், தள்ளல் குறைவாக இருக்கும்படி இடம் பிடித்துக்கொள்ளும்.

ஒரு பையன் போன வாரம், 'லோன் பேர்னா கடன் வாங்கின ஜோடியா சார்?' என்று கேட்டான். பேங்க் லோன் இல்லை மக்களே. தனியாக இருக்கும் ஜோடி, பிணைப்பில் சேராதது. புத்தகத்தில் 'தனித்த இரட்டை'.

ஸ்லைடு 4: எண்ணாமல் வரையாதே

பாதி மார்க் போவது இங்கேதான். நடு அணுவின் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களை எடு. அதோடு H, F, Cl மாதிரி ஒற்றைப் பிணைப்பு போடும் அணுக்களின் எண்ணிக்கையைக் கூட்டு. ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பில் இருந்தால் அதற்குப் பூஜ்யம். நேர்மின்சுமை இருந்தால் கழி, எதிர்மின்சுமை இருந்தால் கூட்டு. இரண்டால் வகு.

NH₃: (5 + 3) ÷ 2 = 4
H₂O: (6 + 2) ÷ 2 = 4
NH₄⁺: (5 + 4 − 1) ÷ 2 = 4
CO₂: 4 ÷ 2 = 2
SO₂: 6 ÷ 2 = 3

வருவது மொத்த ஜோடி. அதிலிருந்து சுற்றியுள்ள அணுக்களின் எண்ணிக்கையைக் கழித்தால் மிச்சம் லோன் பேர். CO₂-வில் 2 − 2 = 0, அதனால் நேர்கோடு, 180°. SO₂-வில் 3 − 2 = 1, அதனால் வளைவு, ஏறக்குறைய 119°. இரண்டுமே 'ஒரு அணு, இரண்டு ஆக்சிஜன்' என்று பார்வைக்கு ஒரே மாதிரி, ஆனால் வடிவம் வேறு. பார்த்து ஏமாறக்கூடாது என்று நான் கத்துவது இதற்குத்தான்.

ஸ்லைடு 5: லோன் பேர் இல்லாத நல்ல பிள்ளைகள்

இதில் அதிக நேரம் வேண்டாம். 2 ஜோடி: நேர்கோடு, வாயுநிலை BeCl₂. 3 ஜோடி: தள முக்கோணம், BF₃, 120°. ஆரல்வாய்மொழி வழியாக வரும்போது முப்பந்தல் காற்றாலையை நேர் எதிரே நின்று பாருங்கள், மூன்று இறக்கை, இடையில் 120°, BF₃ அதேதான். 4: நான்முகி. 5: முக்கோண இரு பிரமிடு, PCl₅. 6: எண்முகி, SF₆, எல்லாம் 90°.

ஐந்தை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். மற்றவற்றில் எல்லா இடமும் சமம், இதில் இல்லை. நடுத்தளத்தில் மூன்று பேர் 120° இடைவெளியில் தாராளமாக இருக்கிறார்கள். மேலும் கீழும் உள்ள இரண்டு பேருக்கு 90° தூரத்தில் மூன்று பேர் நெருக்குகிறார்கள். அதனால் PCl₅-இல் மேல்-கீழ் பிணைப்புகள் நடுத்தளப் பிணைப்புகளைவிடச் சற்று நீளம். இது ஸ்லைடு 9-இல் திரும்ப வரும்.

ஸ்லைடு 6: துணி காயப்போடும் கொடி

இப்போது முக்கியமான இடம். லோன் பேர் ஏன் அதிகமாகத் தள்ளுகிறது?

ஆரல்வாய்மொழிக் காற்றில் கொடியில் துண்டு காயப்போட்டிருக்கிறீர்களா? இரண்டு மூலையிலும் கிளிப் போட்ட துண்டு கொடியோடு ஒட்டி, ஒழுங்காக நிற்கும். ஒரு மூலையில் மட்டும் கிளிப் போட்டால் போச்சு, படபடவென்று விரிந்து பக்கத்துத் துணிகளை எல்லாம் அடித்துத் தள்ளும்.

பாண்ட் பேர் இரண்டு கிளிப் துண்டு. இரண்டு அணுக்கருக்கள் இழுப்பதால் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிறது. லோன் பேர் ஒரு கிளிப் துண்டு. நடு அணுவின் கரு மட்டும்தான் பிடித்திருக்கிறது, அதனால் அந்தக் கருவுக்கு அருகிலேயே அகலமாகப் பரவி இடத்தை அடைத்துக்கொள்கிறது.

தள்ளலின் வரிசை:

லோன் – லோன் > லோன் – பாண்ட் > பாண்ட் – பாண்ட்

ஸ்லைடு 7: மீத்தேன், அம்மோனியா, தண்ணீர்

மூன்றிலும் நாலு ஜோடி. மூன்றிலும் ஜோடிகளின் அமைப்பு நான்முகிதான். ஆனால் வடிவத்தின் பெயர் வேறு, ஏனென்றால் பெயர் வைக்கும்போது அணுக்கள் இருக்கும் இடத்தை மட்டும் பார்க்கிறோம், லோன் பேரைப் பார்ப்பதில்லை. பார்ப்பதில்லை என்பதற்காக அது அங்கே இல்லை என்று ஆகாது. 'ஜோடிகளின் அமைப்பு', 'மூலக்கூறின் வடிவம்' என்று இரண்டு வரியாக எழுதிப் பழகுங்கள், பிறகு குழப்பமே வராது.

CH₄: லோன் பேர் 0, நான்முகி, 109.5°
NH₃: லோன் பேர் 1, முக்கோண பிரமிடு, 107°
H₂O: லோன் பேர் 2, வளைந்த V, 104.5°

குரும்பையில் நாலு ஈர்க்கு குத்தினீர்களே, அதில் ஒன்றைப் பிடுங்கிவிட்டு அந்த ஓட்டையில் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொள்ளுங்கள். மற்ற மூன்றும் கொஞ்சம் கீழே சரிய வேண்டும். கட்டைவிரல்தான் லோன் பேர். இரண்டைப் பிடுங்கினால் தண்ணீர்.

போன தேர்வில் தண்ணீரை நேர்கோடு என்று எழுதியவர்கள் எத்தனை பேர் என்று இங்கே சொல்லி மானத்தை வாங்கவில்லை. ஆனால் ஒன்று யோசியுங்கள். நேர்கோடாக இருந்தால் இரண்டு O–H இருமுனைகளும் எதிரெதிராக இழுத்து ஒன்றையொன்று அழித்துவிடும், இருமுனைத் திருப்புத்திறன் பூஜ்யம். உண்மையில் அது 1.85 டிபை. உப்பளத்து உப்பு தண்ணீரில் கரைவதும் இந்த வளைவால்தான்.

ஸ்லைடு 8: NH₃ 107°, NF₃ 102°. ஏன்?

இரண்டிலும் ஒரே ஒரு லோன் பேர்தான், பின் ஏன் ஐந்து டிகிரி வித்தியாசம்? ஃபுளூரினுக்கு எலக்ட்ரான் மேல் பேராசை. பிணைப்பு ஜோடியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. நைட்ரஜனிலிருந்து ஜோடிகள் விலகிப்போனதும் அவற்றுக்குள் தள்ளல் குறைகிறது, லோன் பேர் அவற்றை இன்னும் எளிதாக நெருக்கிவிடுகிறது. தேர்வில் 'ஃபுளூரினின் எலக்ட்ரான் கவர்தன்மை' என்று எழுதுங்கள், பேராசை என்று எழுதி வைக்காதீர்கள், திருத்துகிறவர் என்னைப்போல் இருக்கமாட்டார்.

இதே காரணத்தை H₂S-க்கும் நீட்டலாம். தண்ணீரில் 104.5°, H₂S-இல் ஏறக்குறைய 92°. கந்தகம் பெரிய அணு, எலக்ட்ரான் கவர்தன்மையும் குறைவு, பிணைப்பு ஜோடிகள் நடு அணுவிலிருந்து தள்ளி இருக்கின்றன. ஆனால் இத்தனை பெரிய சரிவை வெஸ்பரை மட்டும் வைத்து யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. கோணம் 109.5°-ஐவிடக் குறையும் என்று அது சொல்லும், 92 என்று எண் சொல்லாது. எனக்கு இந்தக் கொள்கை பிடிக்கும், ஆனாலும் அதன் அளவு இவ்வளவுதான்.

ஸ்லைடு 9: ஐந்து ஜோடியில் லோன் பேர் எந்த சீட்டில்?

SF₄: (6 + 4) ÷ 2 = 5. நாலு F, ஒரு லோன் பேர். மேலே உட்காருமா, நடுத்தளத்தில் உட்காருமா?

மேலே உட்கார்ந்தால் 90°-இல் மூன்று பாண்ட் பேர்களோடு மோதல். நடுத்தளத்தில் உட்கார்ந்தால் 90°-இல் இரண்டுதான், மற்ற இரண்டும் 120° தள்ளி. 90° மோதல்தான் பெரிய தொல்லை, அதனால் நடுத்தளம். அகலமாக உட்காருகிற ஆள் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டைத்தானே தேடுவார்?

அப்புறம் தொடர்ந்து பாருங்கள், மூன்றுமே ஐந்து ஜோடி:

SF₄: லோன் பேர் 1, பூங்காவில் பிள்ளைகள் ஏறி ஆடும் சீ-சா பலகை வடிவம்
ClF₃: லோன் பேர் 2, T வடிவம், கோணம் 90° அல்ல, சுமார் 87.5°
XeF₂: லோன் பேர் 3, நேர்கோடு, 180°

XeF₂ எனக்கு மிகவும் பிடித்தது. லோன் பேர் வளைக்கும், வளைக்கும் என்று இவ்வளவு நேரம் சொல்லிவிட்டு, மூன்று லோன் பேர் இருந்தும் நேர்கோடு என்கிறேன். மூன்றும் நடுத்தளத்தில் 120° இடைவெளியில் சமமாக உட்கார்ந்து எல்லாப் பக்கமும் ஒரே அளவு தள்ளுகின்றன, ஃபுளூரின்கள் சாய எந்தப் பக்கமும் இல்லை.

ஸ்லைடு 10: ஆறு ஜோடி

XeF₄: (8 + 4) ÷ 2 = 6. லோன் பேர் 2. அவை பக்கத்துப் பக்கத்தில் 90°-இல் உட்கார்ந்தால் சண்டை, எதிரெதிரே 180°-இல் உட்கார்ந்தால் சமாதானம். நாலு F-உம் ஒரே தளத்தில் சதுரமாக நிற்கும். பாருங்கள், மீத்தேனுக்குத் தப்பாக வரைந்தீர்களே அந்தக் கூட்டல் குறி, அது இங்கே சரி!

ஸ்லைடு 11: திங்கட்கிழமைக்கு

I₃⁻, BrF₅, H₃O⁺, BF₄⁻ நாலுக்கும் கணக்கு, ஜோடிகளின் அமைப்பு, வடிவம், மூன்றும் தனித்தனி வரியில். I₃⁻-இல் எதிர்மின்சுமைக்கு ஒன்று கூட்ட மறக்காதீர்கள், மறந்தால் நாலரை ஜோடி வரும், அரை ஜோடி எங்கே உட்காரும் என்று நானே உங்களிடம் கேட்பேன். BrF₅-ஐக் குரும்பையில் செய்து கொண்டுவரவும், லோன் பேருக்கு ஒரு வெற்று ஓட்டை இருக்க வேண்டும். குரும்பைக்காக யார் வீட்டுத் தென்னையையும் உலுக்க வேண்டாம், இந்த மழைக்குக் கீழேயே கிடக்கும்.