கையில் மார்க்கர் வைத்திருப்பவர் என் அம்மா

அன்னையர் தினத்துக்கு நான் போடும் படம் இது. ஸ்டூல் மேல் நிற்பது நான். கீழே ஒரு கையால் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் மார்க்கரோடு, அதன் மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்பவர் அம்மா. பல்பை நான் மாட்டப் போகிறேன் என்று நினைப்பீர்கள். இல்லை, மாட்டப்போன பல்பை அவரிடம் திருப்பிக் கொடுக்கிறேன். தேதி எழுத மறந்துவிட்டாராம். தம்பி சிரித்துக்கொண்டே எடுத்ததால் படம் கொஞ்சம் ஆடியிருக்கிறது, மன்னிக்கவும். நாங்கள் இருவரும் இருக்கும் நல்ல படங்களும் உண்டு. அவற்றிலெல்லாம் அம்மா யாரோ ஒருவர் மாதிரி நிற்பார். இதில்தான் அம்மா மாதிரி இருக்கிறார்.

எங்கள் வீட்டில் தேதி இல்லாமல் எந்தப் பொருளும் வேலைக்குச் சேர முடியாது. பல்பின் கழுத்தில், ரிமோட்டுக்குள் இருக்கும் செல்லில், குக்கர் கேஸ்கட்டின் ஓரத்தில், துடைப்பக் கட்டையில், குடையின் கைப்பிடியில், பல் துலக்கும் பிரஷ்ஷின் அடியில் என்று எல்லாவற்றிலும் ஒரே வாசகம்தான்: 'போட்டது', பக்கத்தில் தேதி. துடைப்பத்துக்கு 'போட்டது' பொருந்தாதே என்று ஒருமுறை கேட்டேன். "உனக்குப் புரியுதில்ல? அப்புறம் என்ன?" என்றார்.

முதலில் பால்பாயின்ட் பேனாதான். பல்பில் அது எழுதாது. அதனால் காயத்துக்கு ஒட்டும் வெள்ளை பிளாஸ்திரியைக் கத்தரித்து, பலகையில் வைத்து எழுதி, ஓரங்களை நகத்தால் தேய்த்து ஒட்டுவார். ஒரு நகம் அளவுதான் இருக்கும் அந்தத் துண்டு. அதற்குள் பொடி எழுத்தில் ஒரு சொல்லும் தேதியும் அடங்கிவிடும். அவருடைய 1-ம் 7-ம் ஒரே மாதிரி இருந்ததால், ஒரு கேஸ்கட் ஜனவரியில் போட்டதா ஜூலையில் போட்டதா என்று அப்பாவுக்கும் அவருக்கும் பெரிய வாக்குவாதம் நடந்தது. மறுநாளிலிருந்து 7-க்குக் குறுக்கே ஒரு கோடு போட ஆரம்பித்தார். தோற்றதாக ஒப்புக்கொள்ளவில்லை, கோடு மட்டும் வந்துவிட்டது. மார்க்கர் வந்தது தம்பி வேலைக்குப் போன பிறகு. அவன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தவற்றில் அம்மா உண்மையிலேயே சந்தோஷப்பட்டது அதற்குத்தான். அந்த மார்க்கரின் மேலும் தேதி இருக்கிறது. மார்க்கரில் மார்க்கரால் எழுத முடியாதே, அது மட்டும் பழைய பிளாஸ்திரி முறை.

பள்ளியில் படிக்கும்போது இதற்காக நான் அழுதிருக்கிறேன். புது ஷூவின் நாக்கைத் தூக்கினால் உள்ளே தேதி. ஒருநாள் வகுப்பில் யாரோ பார்த்துவிட்டார்கள், "காலாவதி எப்போ?" என்று ஒரு வாரம் ஓட்டினார்கள். வீட்டுக்கு வந்து கத்தினேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஷூவை வாங்கிப் பார்த்து, "நாலு மாசத்துல குதிகால் இப்படித் தேஞ்சிருக்கு, நீ காலை இழுத்து நடக்கற" என்றார். எனக்குக் கிடைத்த ஆறுதல் அவ்வளவுதான்.

ஆனால் இது வெறும் பழக்கம் இல்லை, ஆராய்ச்சி என்று எனக்குப் புரிய வைத்தது ஒரு எல்.இ.டி. பல்பு. அட்டையில் 25,000 மணி நேரம் என்று போட்டிருந்தது. அம்மா பழைய கவரின் பின்புறம் கணக்குப் போட்டார். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் என்றால் நாலாயிரத்துச் சொச்சம் நாள், அதாவது பதினோரு வருஷத்துக்கு மேல். "அப்ப எனக்கு எழுபத்தி மூணு வயசாகும்" என்று சொல்லிவிட்டு எழுதினார்: போட்டது 3/8/23. 2025 ஜூன் மாதம் அது கண் சிமிட்டிச் செத்தது.

கடைக்குக் கூடவே போனேன். இரண்டு வருட வாரண்டி, ஆனால் பில் இல்லை. எதையும் பத்திரமாக வைக்கும் அம்மா பில்லை மட்டும் தொலைப்பார், அது தனிக் கதை. கடைக்காரர் தேதியைப் பார்த்துச் சிரித்தார். "நீங்களே எழுதினதை நான் எப்படிம்மா நம்பறது?" நியாயமான கேள்விதான். அம்மா கோபப்படவில்லை. பல்பைத் திருப்பி, அடியில் கம்பெனியே பொறித்திருந்த பொடி எழுத்தைக் காட்டினார். தயாரித்த மாதம் ஜூலை 2023. "இது பொறந்தே இன்னும் ரெண்டு வருஷம் ஆகல. நான் எப்ப வாங்கியிருந்தா என்ன?" கடைக்காரர் பேசாமல் புது பல்பு எடுத்துக் கொடுத்தார். திரும்பி வரும்போது அம்மா இன்னொன்றும் சொன்னார்: இதே நாளில் வாங்கிய ஜோடி பல்பு வராந்தாவில் நன்றாக எரிகிறது, கண்ணாடி மூடிக்குள் போட்டதுதான் போய்விட்டது, ஆகவே காற்று போகாமல் வெந்திருக்கிறது. அப்புறம் நான் படித்துப் பார்த்தேன். சரிதான். அந்த 25,000 மணி நேரமெல்லாம் உள்ளே ஒளி தரும் சில்லைப் பொறுத்த கணக்கு. பல நேரம் முதலில் போவது அதற்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் சர்க்யூட். சூடு அதற்கு ஆகாது. நான் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதை அம்மா இரண்டு பிளாஸ்திரித் துண்டை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்.

இந்த இடத்தில், 'ஊருக்கெல்லாம் தேதி எழுதுகிறவர் தனக்கென்று எதிலும் எழுதிக்கொண்டதே இல்லை' என்று ஒரு வரி போட்டால் நூறு இதயமாவது கூடுதலாக வரும். பொய் சொல்ல மனமில்லை. அவருடைய செருப்பில் இருக்கிறது, கண்ணாடிக் கூட்டில் இருக்கிறது, தலையணை உறையின் உள்பக்கம்கூட இருக்கிறது. நாங்கள் தெரியாமல் அவர் தலையணையை எடுத்தால் அதைக் காட்டித்தான் பிடுங்கிக்கொள்வார். வாழ்த்து அட்டை வார்த்தைகளும் அவரிடம் எடுபடாது. தம்பி ஒரு வருஷம் 'பத்து மாதம் சுமந்தவளே' என்று அச்சடித்த அட்டை வாங்கி வந்தான். அம்மா படித்துவிட்டு, "பத்து மாசமெல்லாம் இல்ல. இவ முப்பத்தொம்பது வாரம் ரெண்டு நாள், நீ முப்பத்தெட்டு வாரம்" என்று திருத்தினார். அட்டை இப்போது பழைய பில்களோடு எங்கோ தொலைந்து கிடக்கிறது.

எனக்கு அந்தக் கையெழுத்து முக்கியமானது 2024 நவம்பரில். நான் வேலையை விட்டதை வீட்டில் சொல்லவில்லை. வேறு யார் மூலமோ தெரிந்துவிட்டது. போனில் பெரிய சண்டை. அப்புறம் பதினொரு நாள் நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. பன்னிரண்டாவது நாள் ராத்திரி சுவர்க் கடிகாரம் மக்கர் செய்தது. செல் தீரும்போது பார்த்திருப்பீர்கள், விநாடி முள் கீழே இறங்கும்போது எப்படியோ இறங்கிவிடும், ஏறும் பக்கம்தான் தடுமாறும். எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஏற முடியாமல் ஒரே இடத்தில் துடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் தூங்க முடியவில்லை. எழுந்து கழற்றினேன்.

பின்பக்கம் அந்த நகம் அளவு பிளாஸ்திரி: போட்டது 18/6/23. நான் தனியாகக் குடிவந்த நாள். அம்மாதான் ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போனார். அதற்குப் பக்கத்தில், குறுக்கே நீளமாக ஒட்டிய இன்னொரு பிளாஸ்திரிக்கு அடியில், பிரிக்காத புது செல் ஒன்று. அதன் மேல் எழுதியிருந்தது: 'இது புதுசு. போடறப்ப தேதி எழுது.'

மணி தெரியாது, கடிகாரம்தான் கையில் செத்துக் கிடந்ததே. கூப்பிட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தார்.

"கடிகாரம் நின்னுபோச்சும்மா."

"எப்பப் போட்டது?"

"பதினெட்டு ஆறு இருபத்தி மூணு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. விரல் விட்டு எண்ணுகிறார் என்று தெரிந்தது. "பதினேழு மாசம். பரவாயில்ல, நல்ல செல்லுதான். புதுசுல எழுதிட்டியா?"

"பேனா எங்கயோ இருக்கு, தேடணும்."

"தேடு. நான் லைன்லயே இருக்கேன்."

தேடினேன். வீட்டில் ஒரு பேனா கிடைக்க அவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கவில்லை. அத்தனை நேரமும் அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எழுதினேன், சொன்னேன், "சரி, தூங்கு" என்று வைத்துவிட்டார். சண்டை மறுநாள் காலை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ஆனால் போனில், பேசியே.

கடைசியாக ஒன்று. இந்த அன்னையர் தினத்தைத் தொடங்கி வைத்தவர் ஆனா ஜார்விஸ் என்ற அமெரிக்கப் பெண். 1905-இல் இறந்த தன் தாய்க்காக, 1908 மே 10-ஆம் தேதி ஒரு தேவாலயத்தில் முதல் நிகழ்ச்சி நடத்தினார். இன்றைய அதே தேதி, அதே ஞாயிற்றுக்கிழமை. 1914-இல் அது அமெரிக்காவில் அரசு அறிவித்த நாளானது. பிறகு பூக்கடைகளும் அட்டைக் கம்பெனிகளும் புகுந்ததைப் பார்த்து, வாழ்நாளின் மிச்சத்தை அவர்களோடு சண்டை போட்டே கழித்தார். நாளின் பெயரை ஒருமையில்தான் எழுத வேண்டும் என்பதில் அவருக்கு ஒரே பிடிவாதம். அவரவர் தன் அம்மா ஒருத்தியை நினைக்கும் நாளாம், எல்லா அம்மாக்களுக்கும் மொத்தமாக அல்ல. நாமோ தமிழில் 'அன்னையர்' என்று பன்மையாக்கிவிட்டோம். என்னால் பன்மைக்கெல்லாம் எழுத முடியவில்லை. மற்ற அம்மாக்கள் பல்பில் தேதி எழுதுகிறார்களா என்று எனக்கென்ன தெரியும்.

அம்மா, இதை நீ கண்ணாடி போட்டுக்கொண்டு, பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படிப்பாய். படித்து முடித்ததும் முதலில் என்ன கேட்பாய் என்றும் தெரியும். இந்தா:

போட்டது 10/5/26