தண்ணி பாக்குற பொண்ணுக்கு

ஐயாவுக்கும், நம்ம தண்ணி டெஸ்ட் பண்ற லேப்ல இருக்கிற எல்லாருக்கும், ஜீப் ஓட்டுற அண்ணனுக்கும் வணக்கம்.

கண்ணு, இன்னைக்கு நீ பயிற்சி முடிஞ்சு கிளம்புறே. ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறந்த வாரம் நீ இங்க வந்தே. எம்.எஸ்சி. வேதியியல், மூணு மாசப் பயிற்சி, ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். வீட்டுக்குப் பின்னாலயே வாய்க்கால் ஓடும்னு சொன்னே. ரெண்டாம் நாளே பென்னாகரம் பக்கத்துல ஒரு பள்ளிக்கூடத்துக்கு சாம்பிள் எடுக்கப் போனோம். ஏழாவது படிக்கிற ஒரு பையன், சிரிக்கிறப்ப எல்லாம் கையால வாயை மூடிக்கிட்டான். "அவன் பல்லே தேய்க்க மாட்டானா அக்கா?"ன்னு என் காதுல கேட்டே. தேய்ச்சாப் போற கறை இல்ல அது, பல்லு ஈறுக்குள்ள உருவாகுற வயசுலயே குடிச்ச தண்ணியால வர்றதுன்னு சொன்னேன். திரும்பி வர்ற வழியெல்லாம் நீ வாயே திறக்கல. மறுநாள் காலையில எட்டரைக்கே லேப் வாசல்ல நின்னே.

இந்த லேப்ல நான் பதினாலு வருஷமா இருக்கேன். பாறையில இருந்து போர்த் தண்ணியில கரைஞ்சு, அந்தப் பையன் பல்லுல இருந்த மாதிரிக் கறையைக் கொண்டுவர்ற புளோரைடை அளக்கிறதுதான் நம்ம வேலையில பெரும்பங்கு. 2013-ல ஒகேனக்கல் தண்ணி வந்த பிறகும் ஊருக்குள்ள நிறைய பேர் இன்னும் வீட்டு போரைத்தான் நம்பி இருக்காங்க. அதனால பாட்டில் பாட்டிலா வந்துக்கிட்டே இருக்கு. கண்ணாடி பாட்டில் கூடாது, பிளாஸ்டிக்ல எடுக்கணும், எடுக்கப்போற தண்ணியாலயே முதல்ல அலசணும். இதெல்லாம் உனக்கு ஒரு தடவை சொன்னதோட சரி.

ஜூலை மாசத்து ஒரு வெள்ளிக்கிழமையை மட்டும் இங்க சொல்லியே ஆகணும். பதினெட்டு சாம்பிள், சிவப்புச் சாயத்தைக் கலந்து வெச்சு ரீடிங் எல்லாம் எழுதி முடிச்சாச்சு. புளோரைடு கூடக் கூட சாயம் வெளுத்துக்கிட்டே வரும்னு எல்லாருக்கும் தெரியும். அஞ்சரை மணிக்கு நான் பையை எடுத்துக்கிட்டுக் கிளம்புறேன், நீ வந்து எதிர்ல நின்னே. "அக்கா, சாம்பிளை பிரிட்ஜுல இருந்து எடுத்த கையோட ஜில்லுன்னே போட்டுட்டேன், ஒப்பிட்டுப் பாக்குற ஸ்டாண்டர்டு ரூம் டெம்பரேச்சர்ல இருந்துச்சு. ரெண்டும் ஒரே சூடா இல்ல, என் ரீடிங் தப்பா இருக்கும்"னே. யாரும் கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்க. ரிப்போர்ட்டும் போயிருக்கும். அந்தப் பதினெட்டையும் வெளியில வெச்சு, சூடு சமமாகிற வரைக்கும் காத்திருந்து, எட்டரை மணி வரைக்கும் திரும்பப் போட்டே. அதுல மூணு கிணத்துக்கு அளவு மாறிடுச்சு. அந்த மூணும் மூணு குடும்பம், கண்ணு. அன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போய் நான் ரொம்ப நேரம் தூங்கல. இத்தனை வருஷத்துல எத்தனை தடவை நான் அவசரத்துல போட்டிருப்பேன்னு நினைச்சுக்கிட்டே படுத்திருந்தேன்.

பாலக்கோடு பக்கத்துல இருந்து ஒரு பாட்டி எவர்சில்வர் சொம்புல தண்ணி கொண்டுவந்தாங்களே, அதையும் நான் மறக்க மாட்டேன். சொம்புல எடுத்தா சேராதுன்னு பாட்டிலைக் கொடுத்து அனுப்பினே. அவங்க போர்ல லிட்டருக்கு 3.2 மில்லிகிராம் இருந்துச்சு. 1.5-க்கு மேல போனா குடிக்கக் கூடாது. ரிப்போர்ட்டைத் தபால்ல போட்டா முடிஞ்சது நம்ம வேலைன்னு நாங்க எல்லாரும் இருந்தோம். நீ சனிக்கிழமை உன் செலவுல பஸ் ஏறி அந்த வீட்டுக்கே போனே. காய்ச்சிக் குடிச்சா சரியாயிடும்னு அவங்க இருந்திருக்காங்க. காய்ச்சினா தண்ணி சுண்டி இன்னும்தான் கூடும்னு நீதான் எடுத்துச் சொன்னே. குடிக்கவும் சமைக்கவும் தெருக் குழாய்த் தண்ணி, துணிக்கும் பாத்திரத்துக்கும் போர்த் தண்ணின்னு குடத்துக்கு வேற வேற கலர் ரிப்பன் கட்டிவிட்டு வந்தே. உன்னைப் பாத்துதான் அளவு கூடுதலா வர்ற வீட்டுக்கெல்லாம் நாங்க இப்ப போன் பண்ணிப் பேசறோம். ஐயாவே அதுக்குத் தனியா ஒரு நோட்டுப் போடச் சொல்லியிருக்கார். முதல் பக்கம் உன் கையெழுத்துலதான் இருக்கு, அதை இங்கயே விட்டுட்டுப் போ.

களியை மெல்லாம முழுங்கப் பழகிட்டே. கீரைக் கடைசலைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டே. டிபன் பாக்ஸ்ல உனக்குன்னு ரெண்டு உருண்டை வெச்சே பழகிட்டேன், திங்கக்கிழமையும் கை அப்படித்தான் போகும். தேர்வை நல்லா எழுது. வேலை கிடைச்ச சேதியை முதல்ல உங்க அம்மாவுக்குச் சொல்லு, அடுத்தது எனக்கு.

சேலம் பஸ் ஏழு மணிக்கு. அண்ணன் ஸ்டாண்டுல விட்டுட்டு வருவார். ராகி மாவு ரெண்டு கிலோ எங்க எல்லாரோடது. இந்த மஞ்சப்பையில இருக்கிறது புளி. காலையில பாலக்கோட்டுப் பாட்டியோட மகன் வந்து, "தண்ணி பாக்குற பொண்ணுகிட்ட கொடுத்துடுங்க, அம்மா கொட்டை எடுத்து வெச்சது"ன்னு சொல்லிட்டுப் போனார். இந்தா, வாங்கிக்கோ கண்ணு.