7. முடிவுரை (திருத்திய வடிவம்)

கானாடுகாத்தான் பூர்வீக வீட்டைத் தங்கும் விடுதியாக்கும் திட்டம்: பதினோரு பங்குதாரர்களின் பார்வைக்கு

சென்ற மாதம் தந்த அறிக்கையின் கடைசி அத்தியாயத்துக்குப் பதிலாக இதை வாசிக்கவும். அதில் "14 அறைகள், ஐந்தாண்டில் போட்ட முதல் திரும்பும், உடனே தொடங்கலாம்" என்று எழுதியிருந்தோம். கணக்கில் கூட்டல் பிழை இல்லை. ஆனால் ஆண்டு முழுவதும் 60 சதவீத அறைகள் நிரம்பும் என்று வைத்தது தவறு. அந்த எண் டிசம்பர், ஜனவரியில் மூன்று விடுதிகளில் விசாரித்துக் கிடைத்தது. சித்திரை வெயிலில் இந்த ஊருக்கு யார் வருவார்கள் என்று கேட்க மறந்துவிட்டோம்.

எங்கள் பரிந்துரை: விடுதி வேலையை இப்போது தொடங்க வேண்டாம். முதலில் 6 லட்ச ரூபாயில் கட்டடத்தை முழுமையாகச் சோதிக்கலாம். அதன் முடிவு சாதகமாக இருந்து, கீழே சொல்லும் நிபந்தனைகளும் நிறைவேறினால், வீட்டின் இரண்டாம் கட்டில் உள்ள ஆறு அறைகளோடு மட்டும் தொடங்கலாம். 14 அறைத் திட்டத்தைக் கைவிடச் சொல்கிறோம்.

ஆறு அறைகளுக்கான மதிப்பீடு 85 லட்சம். ஓர் இரவு வாடகை, வரி நீங்கலாக, 5,500 ரூபாய். அதில் சாப்பாடு, சலவை, முன்பதிவுத் தரகு எல்லாம் சேர்த்து 1,500 போகும். சம்பளம், மின்சாரம், பராமரிப்பு என்று ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஆண்டுக்கு 26 லட்சம் செலவு. படைப்பு, கல்யாணம், சாந்தி ஆகியவற்றுக்காக 20 நாள் வீடு உங்களுக்கே வேண்டும். மீதி 345 நாளில் 650 அறை இரவுகள், அதாவது 31 சதவீதம், நிரம்பினால்தான் கைநட்டம் இருக்காது. 40 சதவீதம் நிரம்பினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 7 லட்சம் மிஞ்சும். வட்டி சேர்க்காமலே முதல் திரும்ப 12 ஆண்டுகள் ஆகும். பழைய 60 சதவீதத்தைப் போட்டால் நான்கு ஆண்டுக்குள் திரும்பிவிடும். நாங்கள் நம்புவது 40. லாபம்தான் நோக்கம் என்றால் இந்தப் பணத்தை வேறிடத்தில் போடுங்கள். வீடு இடியாமல் இருக்க அதுவே சம்பாதிக்க வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால், இதில் பொருள் உண்டு.

நிபந்தனைகளில் முதலாவது கையெழுத்து. எட்டு வீட்டார் சம்மதித்திருக்கிறார்கள். மலேசியாவில் இருக்கும் ஒரு குடும்பத்திடமிருந்து பதில் வரவில்லை; ஒருவரின் வாரிசுகள் யார் என்பது இன்னும் முடிவாகவில்லை; ஓர் ஆச்சி மறுக்கிறார். "அப்பத்தா சீர்சாமான் இருக்கிற அறையில வெளியாளைப் படுக்க வைப்பீங்களா?" என்று அவர் கேட்டதற்கு எங்களிடம் கணக்குப் பதில் இல்லை. அவருடைய அறையைத் தொடாமல் திட்டம் போட முடியும், போட்டும் இருக்கிறோம். ஆனாலும் பதினோரு பேரும் கையெழுத்திட்டு, குறைந்தது 15 ஆண்டுக்கான குத்தகைப் பத்திரம் பதிவாகாமல் ஒரு ரூபாய்கூட வேலையில் இறங்கக் கூடாது. முத்திரைத்தாளில் எழுதிப் பெட்டியில் வைப்பது போதாது.

அடுத்தது, பேரூராட்சி உரிமமும் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றும் முன்கூட்டியே கிடைக்க வேண்டும். பழுது பார்ப்பது சுண்ணாம்பில்தான். பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கிவிடும். முகப்பில் முன்பு செய்த ஒட்டுவேலை உப்பி நிற்பதை நீங்களே பார்க்கலாம்.

இனி, எங்களுக்குத் தெரியாதவை. பெரியது கூரை. ஐந்து அறைகளுக்குச் சாவி கிடைக்கவில்லை. திறந்த அறைகளிலும் பலகையைப் பிரித்துப் பார்க்கவில்லை. பர்மாத் தேக்கு என்றாலும், சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திரத்தின் முனை மழைநீரில் மட்கியிருந்தால் கீழிருந்து தெரியாது. பழைய அறிக்கை "கூரை உறுதியானது" என்றது, பார்க்காததைச் சொல்லிவிட்டோம். உத்திரங்களை மாற்ற நேர்ந்தால் 85 லட்சம் ஒரு கோடியே 10 லட்சமாகலாம். அப்போது முதல் திரும்ப 15 ஆண்டுக்கு மேல் ஆகும், குத்தகைக் காலம் முடிந்துவிடும். செலவு அந்தத் தொகையைத் தொடும் என்று சோதனை சொன்னால், எங்கள் பதில் "வேண்டாம்" என்பதுதான்.

கிணற்று நீரை மார்கழியில் பார்த்தோம். கோடையில் எவ்வளவு இருக்கும் என்பது சித்திரை, வைகாசியில் அளந்த பிறகே தெரியும். ஆத்தங்குடிக் கல் விலை பட்டறைக்காரர் வாய்ச்சொல்லாகச் சொன்னது, எழுத்தில் வாங்கவில்லை.

இன்னொன்று. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்ததைக் காட்டி, கூட்டம் பெருகும் என்று எழுதியிருந்தோம். உத்தேசப் பட்டியல் உலக மரபுச் சின்ன அங்கீகாரம் ஆகாது. அதை நம்பிச் சேர்த்த வருமானத்தை முழுவதும் நீக்கிவிட்டோம்.

அடுத்த கூட்டத்தில் கேட்பது இரண்டு: 6 லட்சத்துக்கு ஒப்புதல், ஐந்து அறைகளின் சாவி. சாவி வந்த நாளிலிருந்து எட்டு வாரத்தில் சோதனை முடிவைத் தருவோம்.