வடவள்ளியில் புதிய குடும்ப மருத்துவ கிளினிக்: திறப்பு விழா

படம் 1
கோவை வடவள்ளி, மருதமலை சாலையில் எங்கள் குடும்ப மருத்துவ கிளினிக் 2026 ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்குத் திறக்கப்படுகிறது. அக்கம்பக்கத்தார் அனைவரையும் குடும்பத்துடன் வருமாறு அன்போடு அழைக்கிறோம்.

படம் 2
அடுத்த ஞாயிறு தைப்பூசம் என்பதாலும், அன்று மலைக்குச் செல்லும் பக்தர்களால் இந்தச் சாலையில் வண்டி நகராது என்பதாலும், ஒரு வாரம் முன்னதாகவே திறக்கிறோம். திறப்பு நாளில் பகல் 1 மணி வரை ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டணமின்றிப் பார்க்கப்படும்.

படம் 3
திங்கள் முதல் சனி வரை காலை 9 முதல் 1 மணி வரையிலும், மாலை 5 முதல் 9 மணி வரையிலும் மருத்துவர் இருப்பார். ஞாயிறு காலை 9 முதல் 12 வரை மட்டுமே. ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் வருபவர்கள் காலை 7 மணிக்கே வரலாம்.

படம் 4
காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு ஆகியவற்றுக்கான சிகிச்சை, சர்க்கரை மற்றும் ரத்த அழுத்தத்திற்கான தொடர் கவனிப்பு, குழந்தைகளுக்கான தடுப்பூசி, காயத்திற்குத் தையலும் கட்டும், இசிஜி, நெபுலைசர் ஆகியவை இங்கே உண்டு. கிளினிக் தரைத்தளத்தில் இருப்பதால் முதியோர் படியேற வேண்டியதில்லை.

படம் 5
நெஞ்சுவலி, திடீரென ஒரு பக்கம் கை கால் செயலிழத்தல், பாம்புக்கடி போன்றவற்றுக்கு எங்களிடம் வந்து நேரத்தை இழக்காமல், உடனே 108-ஐ அழையுங்கள்.

படம் 6
முதல் முறை வரும்போது நீங்கள் சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும் அட்டையோடு ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். “காலையில் ஒரு வெள்ளை மாத்திரை, ராத்திரி பாதி” என்று சொன்னால் எந்த மருத்துவராலும் மருந்தைக் கண்டுபிடிக்க இயலாது. நாட்டு மருந்து, சூரணம், கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை ஆகியவற்றையும் தயங்காமல் காட்டுங்கள். அதற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். பழைய மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவுகள், குழந்தையின் தடுப்பூசி அட்டை ஆகியவை இருந்தால் நல்லது. எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

படம் 7
வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வேண்டுமானால், முந்தைய இரவு உணவுக்குப் பின் குறைந்தது 8 மணி நேரம் தண்ணீர் தவிர வேறெதையும், காப்பியைக்கூட, உட்கொள்ளக் கூடாது. அன்று காலை சர்க்கரை மாத்திரையையும் இன்சுலினையும் ரத்தம் கொடுத்த பின், சாப்பிடும் வேளையில் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காகக் கையில் டிபன் கொண்டுவருவது நலம். ரத்த அழுத்த மாத்திரையை மட்டும் வழக்கம்போல் தண்ணீருடன் விழுங்கிவிடலாம். மூன்று மாதச் சராசரி சர்க்கரையைப் பார்ப்பதற்கு வெறும் வயிறு தேவையில்லை.

படம் 8
ஆலோசனைக் கட்டணம் 250 ரூபாய். அதே தொந்தரவுக்காக 3 நாட்களுக்குள் மீண்டும் வந்தால் கட்டணம் இல்லை. முதல் வருகையில் விவரங்களைப் பதிவு செய்ய வேண்டியிருப்பதால் 15 நிமிடம் முன்னதாக வாருங்கள். டோக்கன் நேரில் வழங்கப்படும், மாலை 8.30 மணியோடு அது நிறுத்தப்படும்.