சலங்கை கட்ட முதல் இத வாசி

தங்கச்சி, இண்டைக்கு உன்ர பரதநாட்டிய அரங்கேற்றம். நீ இத வாசிக்கேக்க மேக்கப் முடிஞ்சு நெத்திச்சுட்டி வச்சு, தலையில குத்தின ஊசியெல்லாம் இழுக்க, கழுத்தத் திருப்பவும் பயந்துகொண்டு கதிரையில நிமிந்து இருப்பாய். நானும் ஆறு வருசத்துக்கு முன்னம் இதே வெள்ளவத்தையில ராமகிருஷ்ண மிஷன் ஹோல்ல அப்பிடித்தான் இருந்தனான். திரைக்கு அங்கால ஆக்கள் வந்து இருக்கிற சத்தம், மிருதங்கத்துக்குச் சுருதி சேக்கிற சத்தம், இடைக்கிட கடற்கரைப் பக்கம் கோச்சி போற சத்தம், எல்லாம் நெஞ்சுக்குள்ளயே கேக்கிற மாதிரி இருக்கும்.

இப்ப உன்ர கையத் தொட்டுப் பார், ஐஸ் மாதிரி இருக்கும். அது நீ ஆயத்தமில்ல எண்டதுக்கு அடையாளம் இல்லையடி. பயம் வந்தா அட்ரினலின் கூடும், ரத்தம் விரல் நுனியில குறைஞ்சு பெரிய தசைகளுக்குப் போகும், அதான் கை குளிருது, வாயும் காயுது. ரெண்டு வாய் தண்ணி மட்டும் குடி. பிறகு இத வாய்விட்டுச் சொல்லு, மெதுவாச் சொன்னாலும் காணும்:

என்ர கை குளிருது, ஏனெண்டா ரத்தம் என்ர காலுக்குப் போகுது. காலாலதான் இண்டைக்கு ஆடப்போறன்.

நான் முதல் முதல் படிச்சது தட்டடவு, தெய்யா தெய். ஆறு வயசில காலுக்குள்ள போனது, இண்டைக்கு எங்கயும் போகாது.

தாளம் டீச்சரின்ர கையில இருக்கு. நான் அதைத் தூக்கத் தேவையில்ல, கேட்டாக் காணும்.

சொல்லிட்டு மூச்சு விடு. ஒரு தகிடவுக்கு உள்ள இழு, ரெண்டு தகிடவுக்கு மெதுவா வெளிய விடு. உள்ள எடுக்கிறதவிட வெளிய விடுறது நீளமா இருக்கவேணும், அப்பதான் நெஞ்சடிப்பு இறங்கும். உன்ர முதல் உருப்படி அலாரிப்பும் தகிட மாதிரி மூண்டு மூண்டாப் போற திஸ்ரம்தானே, அதால மூச்சு விடேக்கயே நீ ஆடத் தொடங்கின மாதிரி.

அலாரிப்ப நினைச்சுப் பார், அது எவ்வளவு கருணையான உருப்படி! வந்த உடன உன்னக் குதிக்கச் சொல்லேல்ல. முதல் கண், பிறகு கழுத்து, பிறகு தோள், பிறகு கை, அதுக்குப் பிறகுதான் மண்டி, அரைமண்டி. நடுங்கிற உடம்ப ஒவ்வொரு உறுப்பாக் கூப்பிட்டு எழுப்புறதுக்கெண்டே வச்ச மாதிரி இருக்கு. அதால மேடையில போய் நிண்ட உடன ரெண்டு மணித்தியாலக் கச்சேரிய நினைக்காத, வர்ணத்த நினைக்காத. கண்ண மட்டும் நினை. கண் இடம் வலம் போகட்டும். அவ்வளவுதான் அந்த நேரத்து வேலை.

கவனமா இருக்கவேண்டியது ஒண்டு இருக்கு. நெஞ்சு வேகமா அடிக்கேக்க எல்லாம் மெதுவாப் போற மாதிரித் தோணும், டீச்சர் தாளம் தட்டுற தட்டுக்கழிய முந்தி ஓடப் பாப்பாய். அப்ப இதச் சொல்லு: டீச்சர் தட்டட்டும், பிறகு நான் வைக்கிறன்.

மறந்திடுவனோ எண்டு ராத்திரி முழுக்க அழுதனி. எனக்கு மறந்ததுதான், இவ்வளவு நாளும் உன்னட்டச் சொல்லேல்ல. வர்ணத்தில மூண்டாவது ஜதி, நடுவில ஒண்டுமே இல்ல, வெள்ளைக் கடதாசி மாதிரி. கால் மட்டும் அரைமண்டியில நிண்டு தானாத் தட்டிக்கொண்டு இருந்தது, நான் நாட்டியாரம்பத்தில கைய வச்சு முழங்கைய விழவிடாமப் பிடிச்சன், டீச்சர் ஒருக்கா என்னப் பாத்திட்டு அடுத்த சொல்லுக்கட்ட கொஞ்சம் உரத்துச் சொன்னா, அந்தச் சத்தத்தோட தீர்மானத்தில போய்ச் சேந்திட்டன். வீடியோவில எத்தினை தரம் அம்மா பாத்திருப்பா, இண்டைக்கு வரைக்கும் அவவுக்குத் தெரியாது. உனக்கும் அப்பிடி வந்தா இதுதான் சொல்லு:

அடவு போகட்டும், அரைமண்டி போகக்கூடாது. கால் தட்டினா டீச்சர் என்ன வந்து கூட்டிக்கொண்டு போவா.

லைட் போட்ட பிறகு மூண்டாவது வரிசைக்கு அங்கால ஒண்டும் தெரியாது. முதல் வரிசையில அம்மம்மா இருப்பா, பதம் ஆடேக்க அவவுக்கு ஆடு. கண்ணனத் தேடுற இடத்தில அவவின்ர முகத்தப் பாத்தியெண்டா பாவம் தானா வரும், நீ செய்யத் தேவையில்ல.

பிரதம விருந்தினர் பேச்சு நீண்டுதெண்டா இருந்துகொண்டே இருக்காத, கால் குளிந்திடும், எழும்பி நட.

இப்ப ஃபோனை அம்மாட்டக் குடு. டீச்சர் சலங்கையத் தருவா, ரெண்டு கையாலயும் வாங்கிக் கண்ணில ஒத்து. நான் இடப்பக்கத் திரைச்சீலைக்குப் பின்னால தண்ணிப் போத்தலோட நிப்பன், வர்ணம் முடிய நேரா என்னட்ட வா.